கடும் மலச்சிக்கலுக்கு மலம் மாற்று சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலம் மாற்று சிகிச்சை செய்தால் மலச்சிக்கல் தீருமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

தீரும் என்று சொல்ல இன்று போதிய ஆதாரம் இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் உதவக்கூடும் என்று நினைக்கச் சில சிறிய ஆய்வுகள் இடம் தருகின்றன, அவ்வளவுதான். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்திகரித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவதே இந்தச் சிகிச்சை. மலச்சிக்கலுக்கு இதைச் செய்வதென்றால் முறைப்படி பதிவான ஓர் ஆய்வுக்குள் செய்ய வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு "பேக்கேஜ்" போட்டுக் கொடுக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

அப்படியானால் எந்த நோய்க்கு இது பலன் தரும் என்று உறுதியாகியிருக்கிறது?

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற கிருமியால் திரும்பத் திரும்ப வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு. அதாவது மலச்சிக்கலுக்கு நேர் எதிரான தொல்லைக்கு. 2013இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மலக் கரைசல் பெற்ற 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் நோய் நின்றது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேருக்குத்தான் நின்றது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் ரெபயோட்டா என்ற எனிமா மருந்துக்கும், 2023 ஏப்ரலில் வவ்ஸ்ட் என்ற மாத்திரைக்கும் அனுமதி தந்தது. இரண்டுமே இந்த ஒரு நோய் திரும்ப வராமல் தடுப்பதற்கு மட்டும்.

அங்கே பலித்தது மலச்சிக்கலில் ஏன் அப்படியே பலிக்கவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். டிஃபிசீல் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் ஏற்கனவே குடலைக் காலி நிலமாக்கியிருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் கிருமி குடியேறியது. புதிதாக வரும் பாக்டீரியாவுக்கும் அங்கே இடம் இருக்கிறது. மலச்சிக்கல் உள்ளவரின் குடலோ நெருக்கமாகப் பயிர் நிற்கும் வயல். அதில் மேலாக விதை தூவினால் எத்தனை முளைக்கும்?

மூன்று வருஷமாக எனக்கு மலச்சிக்கல். "நல்ல பாக்டீரியா குறைந்துவிட்டது, அதுதான் காரணம்" என்கிறார்கள். சரிதானா?

குறைந்திருக்கலாம், மாறியும் இருக்கலாம். ஆனால் அது காரணமா விளைவா என்பதில்தான் சிக்கல். பெல்ஜியத்தில் 53 ஆரோக்கியமான பெண்களை ஆராய்ந்தபோது, மலம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதோடு பாக்டீரியாக்களின் வகையும் எண்ணிக்கையும் நெருக்கமாகச் சேர்ந்து மாறுவது தெரிந்தது. அவர்களில் யாரும் நோயாளி அல்ல. குடலில் மலம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே அங்கே யார் வாழ முடியும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பெருங்குடலுக்கு வரும் உணவு மிச்சத்தில் பாக்டீரியா முதலில் மாவுச்சத்தையும் நாரையும் தின்னும். மலம் ஐந்து நாள் தங்கினால் அது தீர்ந்துவிடும். அதன்பின் புரதத்தை உடைக்கத் தொடங்கும். அந்த உணவில் பிழைக்கும் இனங்கள் பெருகும், மற்றவை ஒடுங்கும். ஆகவே மலச்சிக்கல்காரரின் மலத்தைப் பரிசோதித்து "வித்தியாசம் இருக்கிறது" என்று காட்டுவது சுலபம். அந்த வித்தியாசம்தான் நோயை உண்டாக்கியது என்று காட்டுவதே கடினம்.

அதற்காகப் பாக்டீரியாவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. மலச்சிக்கல் உள்ளவர்களின் மலத்தை, குடல் பாக்டீரியா ஒழிக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் குடல் இயக்கம் மந்தமானது. உடலில் இருக்கும் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, குடல் தசையை அசையத் தூண்டும் செய்திகளில் அதுவும் ஒன்று. வித்துகளை உருவாக்கும் சில பாக்டீரியாக்கள் குடல் செல்களைத் தூண்டி அதைச் சுரக்க வைக்கின்றன என்று 2015இல் எலிகளில் காட்டினார்கள். வழி இருக்கிறது என்பது தெரிகிறது. மனிதருக்கு அந்த வழியில் மருந்து இன்னும் வரவில்லை.

மூச்சுப் பரிசோதனையில் மீத்தேன் அதிகம் என்று வந்தது. அதற்கும் மலச்சிக்கலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் துறையில் ஓரளவு திடமான இழை இதுதான். மீத்தேனை உண்டாக்குவது பெரும்பாலும் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மிதி என்ற உயிரி. சரியாகச் சொன்னால் அது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி இனம். நாய்களின் சிறுகுடலுக்குள் மீத்தேன் வாயுவைச் செலுத்தியபோது நகர்வு சுமார் 59 சதவீதம் மெதுவானது. ஆக, வாயுவே குடலை மந்தமாக்கக்கூடும். மூச்சில் 10 பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருந்தால் மீத்தேன் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள்.

ஐபிஎஸ் என்பது வயிற்றுவலியோடு மலப்போக்கும் மாறும் எரிச்சல் குடல் நோய். மீத்தேன் உள்ள, மலச்சிக்கலோடு கூடிய ஐபிஎஸ் நோயாளிகளுக்கு ரிஃபாக்ஸிமின், நியோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்துக் கொடுத்த ஒரு சிறிய ஆய்வில், நியோமைசின் மட்டும் கொடுத்ததைவிட மலச்சிக்கல் குறைந்தது. நிறுத்தியபின் மீத்தேன் மறுபடி ஏறுவது உண்டு. நியோமைசினால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படவும் வாய்ப்பு உள்ளது. அதனால் இதைச் சுயமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சீனாவில் 60 பேரிடம் நடந்த ஆய்வில் நல்ல பலன் கிடைத்ததாகப் படித்தேன். அது ஆதாரம் இல்லையா?

ஆதாரம்தான். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும். 2017இல் வெளியான அந்த ஆய்வு, பெருங்குடல் மெதுவாக நகரும் வகை மலச்சிக்கலுக்கானது. 30 பேருக்கு மூக்கு வழியாகச் சிறுகுடல்வரை குழாய் விட்டு, ஆறு நாள் தொடர்ந்து மலக் கரைசல் செலுத்தினார்கள். மற்ற 30 பேருக்கு வழக்கமான அறிவுரையும் மலமிளக்கியும். 12 வாரம் கவனித்தார்கள்.

குணமானவர்கள் ஒரு பக்கம் 36.7 சதவீதம், மறுபக்கம் 13.3 சதவீதம். தலை எண்ணிக்கையாக்கினால் 11 பேரும் 4 பேரும். அதாவது 30 பேருக்கு மூக்கில் குழாய் போட்டு, கூடுதலாக 7 பேர் குணமானார்கள். மீதி 19 பேர் குணமாகவில்லை.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, பொய்ச் சிகிச்சை பெற்ற குழு இல்லை. யாருக்கு எது கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு நாள் குழாயோடு கிடந்தவரின் எதிர்பார்ப்பும், வழக்கமான பொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரின் எதிர்பார்ப்பும் ஒன்றாக இருக்காது. "முழுதாகப் போன உணர்வு" என்பதை நோயாளியே சொல்லி அளக்கும்போது இந்த வேறுபாடு முடிவைத் தூக்கிவிடும். இரண்டாவது, 12 வாரத்தோடு கணக்கு முடிகிறது. பத்து வருட நோய்க்கு மூன்று மாதப் பலன் எவ்வளவு பெரிது என்பதை நீங்களே எடை போடலாம். பக்க விளைவாகப் பதிவானவை மலக் கரைசல் பெற்ற குழுவில் 50, மற்றக் குழுவில் 4. பெரும்பாலும் லேசானவை என்றாலும், எண்ணிக்கையை மறைத்துவிட்டு 36.7ஐ மட்டும் சொல்வது நியாயமில்லை.

ஐபிஎஸ்ஸுக்கு நார்வேயில் 89 சதவீதம் வெற்றி என்கிறார்களே?

உண்மைதான். 2020இல் வெளியான அந்த ஆய்வில் 165 பேர். கவனமாகத் தேர்ந்தெடுத்த ஒரே கொடையாளரின் மலத்தில் 60 கிராம் பெற்றவர்களில் 89.1 சதவீதம் பேருக்கும், 30 கிராம் பெற்றவர்களில் 76.9 சதவீதம் பேருக்கும் தொல்லை குறைந்தது. தங்கள் மலமே திரும்பச் செலுத்தப்பட்டவர்களில் 23.6 சதவீதம். ஆனால் 2018இல் டென்மார்க்கில் 52 பேருக்கு மாத்திரையாகக் கொடுத்த ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். கொடையாளர், அளவு, செலுத்தும் வழி, இவற்றில் எது இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்று இன்னும் பிரித்தறியவில்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐபிஎஸ்ஸுக்கு இதை ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்கிறது.

எனக்கு இருப்பது எந்த வகை மலச்சிக்கல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மலம் மாற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான். குடல் மெதுவாகத் தள்ளுவது ஒன்று. கடைசிவரை வந்துவிட்ட மலம் வாசலில் மாட்டிக்கொள்வது இன்னொன்று. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத் தசை இறுகினால், குடலில் எந்தப் பாக்டீரியா இருந்தாலும் கதவு திறக்காது.

எடுத்துக்காட்டாக 34 வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறைதான் போகிறார். எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் கொண்ட மாத்திரையை ஞாயிறு காலை விழுங்குகிறார். வெள்ளி காலை, அதாவது 120 மணி நேரம் கழித்து, வயிற்றை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஐந்துக்கு மேல் தங்கியிருந்தால் நகர்வு மந்தம் என்று பொருள். அவருக்கு 19 இருக்கின்றன. "மெதுவான குடல்" என்று எழுதி முடித்துவிடத் தோன்றும்.

எண்ணிக்கையோடு இடத்தையும் பார்க்க வேண்டும். 19இல் 16 வளையங்கள் மலக்குடலிலும் அதை ஒட்டிய வளைவிலும் குவிந்திருக்கின்றன. அடுத்து பலூன் சோதனை. ஆசனவாய் வழியாக ஒரு சிறு பலூனை வைத்து 50 மில்லி நீர் நிரப்பி, கழிப்பறையில் உட்கார்ந்து வெளியே தள்ளச் சொல்கிறார்கள். சுமார் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். இவருக்கு மூன்று நிமிடமாகியும் வரவில்லை. ஆசனவாய் அழுத்த மானோமெட்ரியிலும் முக்கும்போது தசை இறுகுவது தெரிந்தால், இவருக்கு வேண்டியது பயோஃபீட்பேக். திரையில் தன் தசை அழுத்தத்தைப் பார்த்தபடியே தளர்த்தக் கற்றுக்கொள்ளும் பயிற்சி அது, சில வாரங்களில் பல அமர்வுகளாகச் செய்வார்கள். வாசல் சரியானதும் பலருக்கு நகர்வும் சீராகிவிடுகிறது.

அதே 19 வளையங்கள் பெருங்குடல் முழுக்கச் சிதறிக் கிடந்து, பலூனும் 20 விநாடியில் வந்திருந்தால்தான் மெதுவான குடல் என்ற முடிவு நிற்கும். சீன ஆய்வு நடந்தது அந்த வகையில்தான்.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அந்த ஐந்து நாட்களில் பொறுக்க முடியாமல் பேதி மருந்து எடுத்துவிடுவது. எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "வளையங்கள் எல்லாம் போய்விட்டன, குடல் நார்மல்" என்று எழுதிவிடுவார்கள்.

எதையெல்லாம் முயன்று தோற்ற பிறகு "கடும் மலச்சிக்கல்" என்று சொல்லலாம்?

"எல்லா மருந்தும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன்" என்பவரிடம் அளவைக் கேட்டால், பாதிப் பேர் பாதி அளவை நாலு நாள் எடுத்து நிறுத்தியிருப்பார்கள். பாலிஎதிலீன் கிளைகால் பொடி தினம் 17 கிராம், ஒரு டம்ளர் நீரில், சில வாரம் விடாமல் எடுக்க வேண்டும். அது போதாதபோது பிகோசல்ஃபேட் அல்லது பிசகோடில் சேர்ப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் புரூகாலோபிரைடு 2 மில்லிகிராம், அல்லது லினாக்ளோடைடு 145 மைக்ரோகிராம் வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அளவையும் சேர்க்கையையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். இடையே வலி நிவாரணி ஓபியாய்டு, இரும்புச்சத்து மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் என மலத்தைக் கட்டும் மருந்து ஏதும் ஓடுகிறதா என்றும், தைராய்டு குறைவு இருக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மெதுவான குடலும் வாசல் அடைப்பும் உள்ளவர்களுக்கு நாரை அள்ளிக் கொடுத்தால் வயிறு உப்பசம்தான் மிஞ்சும். மலத்தில் ரத்தம், எடை குறைதல், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் இருந்தால் முதலில் கொலோனோஸ்கோபி. வாந்தியோடு வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

ஆய்வில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

முக்கால்வாசி வேலை கொடையாளரைத் தேர்வதில் முடிகிறது. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர், குடல் நோய், உடல் பருமன், நீரிழிவு உள்ளவர் எல்லோரும் விலக்கப்படுவார்கள். ரத்தத்தில் ஹெச்ஐவி, கல்லீரல் அழற்சி வைரஸ்கள், சிபிலிஸ்; மலத்தில் ஒட்டுண்ணிகள், வயிற்றுப்போக்குக் கிருமிகள், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா எனச் சோதிப்பார்கள். விண்ணப்பித்தவர்களில் தேறுபவர் சிலரே.

மலத்தை எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் தயாரித்துவிட வேண்டும். குடல் பாக்டீரியாவில் பெரும்பகுதிக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விஷம். 30 முதல் 60 கிராம் மலத்தை, அதைப்போல் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு உப்புநீரில் கரைத்து, சக்கையை வடிகட்டுகிறார்கள். சேமிப்பதானால் 10 சதவீதம் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். கிளிசரால் இல்லாமல் உறைந்தால் பனித்துகள் பாக்டீரியாவின் உறையைக் கிழித்துவிடும். உபயோகிக்கும் நாளில் 37 டிகிரி வெந்நீரில் உருக்கி, மூக்குக் குழாய், கொலோனோஸ்கோபி, எனிமா ஆகியவற்றில் ஏதோ ஒரு வழியில் செலுத்துவார்கள்.

மெதுவான குடல் உள்ளவரிடம் கொலோனோஸ்கோபிக்குக் குடலைச் சுத்தமாக்குவதே ஒரு போராட்டம். பழைய மலம் சுவரில் ஒட்டிக்கிடந்தால் புதியது பிடிப்பதும் கஷ்டம்.

ஆபத்து எவ்வளவு?

பெரும்பாலோருக்கு ஓரிரு நாள் வயிற்றுப்பிசைவு, உப்பசம், லேசான காய்ச்சல். மேல்வழியாகச் செலுத்தும்போது கரைசல் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

பயமுறுத்திய சம்பவம் 2019இல் அமெரிக்காவில் நடந்தது. ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து செய்த மாத்திரைகளை விழுங்கிய, நோய் எதிர்ப்பு குறைந்த இருவருக்கு, ஈஎஸ்பிஎல் எனப்படும் மருந்துக்கு அடங்காத ஈ.கோலி ரத்தத்தில் கலந்தது. ஒருவர் இறந்தார். அந்த மாத்திரைகள் தயாரான காலத்தில் இந்தக் கிருமிக்கான சோதனை இல்லை. அதன்பின் எஃப்.டி.ஏ. அதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஆரோக்கியமாக நடமாடுபவர்களின் குடலிலும் ஈஎஸ்பிஎல் பாக்டீரியா மிகப் பரவலாக இருக்கிறது. இங்கே கொடையாளர் கிடைப்பது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தம்பிக்கு ஒரு நோயும் இல்லை. அவன் மலத்தை எடுத்து வீட்டிலேயே எனிமா கொடுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன கிருமியைச் சுமப்பவருக்கு அது தெரியாது. அவருக்குத் தொல்லையும் தராது. அமீபா, புழு முட்டை, கல்லீரல் அழற்சி வைரஸ் எல்லாம் அப்படியே. மிக்ஸியில் அடித்து வடிகட்டும்போது காற்றுப் பட்டு பயனுள்ள இனங்கள் செத்து, காற்றைத் தாங்கும் ஈ.கோலி போன்றவை தப்பிப்பிழைக்கும். அதாவது நீங்கள் தேடுவது சாகும், பயப்படுவது வாழும்.

மலத்தை அனுப்பினால் பாக்டீரியா பட்டியல் தரும் டெஸ்ட் எடுக்கலாமா?

காசுதான் செலவு. அந்த அறிக்கையை வைத்து மலச்சிக்கலுக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க இன்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துப் போன மலத்தையும், பேதிக்கு மறுநாள் போன மலத்தையும் அனுப்பினால் ஒரே ஆளுக்கு இரண்டு விதமான பட்டியல் வரும். அந்தப் பணத்தில் வளைய எக்ஸ்ரேயும் பலூன் சோதனையும் செய்வது மேல்.

தயிர், பழைய சோறு, புரோபயாட்டிக் மாத்திரை?

சாப்பிடத் தடையில்லை. லேசான மலச்சிக்கலில் சில பிஃபிடோபாக்டீரியம் வகைகள் வாரத்துக்கு ஓரிரு தடவை கூடுதலாகப் போக உதவியதாக ஆய்வுகள் உண்டு, உதவாததாகவும் உண்டு. 24இல் 19 வளையம் தங்கும் குடலைத் தயிர் அசைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு புரோபயாட்டிக்கைத்தான் பார்ப்போம் என்றால் ஒரே வகையை நாலு வாரம் எடுங்கள். வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு இறுக்கம் என்று தினமும் குறியுங்கள். எண்ணிக்கை மாறாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஓர் ஆஸ்பத்திரியில் மலம் மாற்று ஆய்வில் சேரக் கூப்பிடுகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

முதலில் பதிவு எண். இந்தியாவில் நடக்கும் ஆய்வுக்கு CTRI என்று தொடங்கும் எண் இருக்கும். ctri.nic.in தளத்தில் அதைத் தட்டிப் பாருங்கள். அடுத்து, பொய்ச் சிகிச்சைக் குழு உண்டா, எத்தனை மாதம் பின்தொடர்வார்கள், கொடையாளருக்கு ஈஎஸ்பிஎல் சோதனை செய்தார்களா, அந்தக் கொடையாளரின் மாதிரியைப் பிற்காலச் சோதனைக்காக எடுத்து வைப்பார்களா. உங்களுக்கு வளையப் பரிசோதனையும் பலூன் சோதனையும் செய்யாமலே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால், அந்த ஆய்வில் யாருக்கு எந்த வகை மலச்சிக்கல் என்றே அவர்களுக்குத் தெரியாது. கடைசியாகப் பணம். ஆய்வுக்காகவே செய்வதற்குப் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நெறிமுறை. மலக் கரைசலுக்கு ரசீது போட்டால், நீங்கள் அங்கே ஆய்வில் பங்கேற்பவர் அல்ல, வாடிக்கையாளர்.